பணவீக்கம் குறைந்தது, தக்காளி விலை ஏறியது: இரண்டும் எப்படி உண்மை?

"காட்பாடியில் சின்னதாக ஒரு மெஸ் நடத்துகிறேன். 'பணவீக்கம் குறைந்தது' என்று பேப்பரில் பார்த்தாலே எரிச்சலாக வருகிறது. மார்க்கெட்டில் ஒரு விலையும் குறைந்தபாடில்லை. பரீட்சைக்குப் படிக்கிற என் மகள் ஜிடிபி, நிதிப்பற்றாக்குறை என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியவில்லை. இந்தச் செய்திகளை எப்படிப் படிப்பது?"
— ஒரு வாசகி, காட்பாடி

பேப்பர் பொய் சொல்லவில்லை அம்மா. ஆனால் குறைந்தது எது என்பதைத் தலைப்பில் விழுங்கிவிடுகிறது. பணவீக்கம் என்பது விலை அல்ல. போன வருடம் இதே மாதம் இருந்த விலையைவிட இந்த மாதம் எத்தனை சதவீதம் ஏறியிருக்கிறது என்ற கணக்கு அது. அந்தச் சதவீதம் 5-லிருந்து 3-க்கு வந்தால், விலை இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது, முன்பைவிட மெதுவாக ஏறுகிறது என்று பொருள். மொத்த விலைவாசியும் உண்மையிலேயே இறங்கினால் அதற்குப் பணவாட்டம் என்று வேறு பெயர் உண்டு. அந்தச் சொல்லை நம் பேப்பர்களில் அபூர்வமாகத்தான் பார்ப்பீர்கள்.

"மெதுவாக ஏறுகிறது" என்பதும்கூடச் சில மாதங்களில் சரியாக இருக்காது. 2024 ஜூலை மாதக் கணக்கை எடுத்துக்கொள்வோம். அது ஆகஸ்ட் 12 அன்று வெளியானது. தேசிய புள்ளியியல் அலுவலகம் ஒவ்வொரு மாதமும் 12-ஆம் தேதி வாக்கில், முந்தைய மாதத்துக்கான கணக்கை வெளியிடும். ஜூனில் 5.08 சதவீதமாக இருந்த சில்லறைப் பணவீக்கம் ஜூலையில் 3.54 சதவீதமாகக் குறைந்தது, ஐந்து ஆண்டுகளில் இல்லாத குறைவு என்று செய்தி வந்தது. அதே ஜூன், ஜூலையில் மார்க்கெட்டில் காய்கறி விலை ஏறிக்கொண்டிருந்தது. நீங்களும் கவனித்திருப்பீர்கள்.

இது எப்படி என்று பார்க்க, ஒரு வருடம் பின்னால் போக வேண்டும். 2023 ஜூலை நினைவிருக்கிறதா? தக்காளி நூறு ரூபாயைத் தாண்டி, சென்னை ரேஷன் கடைகளில் அரசே கிலோ 60 ரூபாய்க்கு விற்ற மாதம். கணக்குக்காக உருண்டையாக விலை வைத்துக்கொள்வோம்: 2023 ஜூனில் கிலோ 30, ஜூலையில் 100. மறு வருடம் ஜூனில் 50, ஜூலையில் 70.

2024 ஜூனில் நீங்கள் கொடுத்த 50 ரூபாயைப் போன ஜூனின் 30 ரூபாயோடு ஒப்பிட்டால், ஏற்றம் 67 சதவீதம். ஜூலையில் கொடுத்த 70 ரூபாயைப் போன ஜூலையின் 100 ரூபாயோடு ஒப்பிட்டால், 30 சதவீத இறக்கம்! ஒரே மாதத்தில் உங்கள் பையிலிருந்து கிலோவுக்கு இருபது ரூபாய் கூடுதலாகப் போயிருக்கிறது. கணக்குப் புத்தகத்திலோ தக்காளி மலிந்துவிட்டது. போன வருடத்து விலை தாறுமாறாக உயரத்தில் இருந்ததால் இந்த வருடத்து விலை குள்ளமாகத் தெரிகிறது. இதைப் பொருளாதாரக்காரர்கள் அடிப்படை விளைவு என்பார்கள்.

தக்காளியில் மட்டுமல்ல, நாட்டின் மொத்தக் கணக்கிலும் இதுதான் நடந்தது. சில்லறை விலைக் குறியீட்டெண் என்று ஒன்று இருக்கிறது. ஒரு குடும்பம் வாங்கும் அரிசி, பருப்பு, துணி, பஸ் டிக்கெட், வீட்டு வாடகை எல்லாம் சேர்ந்த ஒரு கூடைக்கு 2012-இல் 100 ரூபாய் ஆனது என்று வைத்துக்கொண்டால், அந்தந்த மாதம் எவ்வளவு ஆகிறது என்று 2024-இல் இருந்த குறியீடு சொன்னது. முதலில் வெளியான எண்களின்படி, அந்தக் கூடை 2024 ஜூனில் 190.2, ஜூலையில் 192.9. ஒரே மாதத்தில் 1.4 சதவீதம் ஏறியிருக்கிறது. ஒரு மாதத்துக்கு அது பெரிய ஏற்றம்தான். ஆனால் 2023 ஜூனில் அது 181.0, அந்த ஜூலையில் 186.3. இப்போது ஜூனை ஜூனோடும் ஜூலையை ஜூலையோடும் ஒப்பிட்டுப் பாருங்கள்: முதலாவது 5.08, இரண்டாவது 3.54. தலைப்புச் செய்தி தயார்.

வருடத்தோடு ஏன் ஒப்பிட வேண்டும், மாதத்தோடு ஒப்பிட்டால் ஆகாதா என்று கேட்கலாம். ஆகும். ஆனால் மழைக்காலத்தில் காய்கறி ஏறுவதும் தை பிறந்ததும் இறங்குவதும் வருடாவருடம் நடப்பவை. மாதக் கணக்கை மட்டும் பார்த்தால் பருவத்தின் ஆட்டம்தான் தெரியும். அதனால் வருடக் கணக்கு நியாயமானது. சந்தேகம் வந்தால் ஒரு வழி இருக்கிறது: இரண்டு வருடம் பின்னால் போய்ப் பாருங்கள். 2022 ஜூலையில் அந்தக் குறியீடு 173.4. அங்கிருந்து 192.9 வரை என்றால் 11.2 சதவீதம். ஆயிரம் ரூபாய்க்கு வாங்கிய சாமானுக்கு இரண்டே வருடத்தில் 1,112 ரூபாய். உங்கள் மனதுக்குப் படுகிற விலைவாசி இதுதான்.

இன்னொன்று: இது குடும்பத்தின் கூடை, மெஸ்ஸின் கூடை அல்ல. 2024-இல் இருந்த அந்தக் கணக்கில் உணவுப் பொருட்களுக்கு 100-இல் சுமார் 46 பங்கு, அதற்குள் காய்கறிக்கு 6 பங்குதான் இருந்தது. உங்கள் செலவில் காய்கறி எத்தனை பங்கு? நிச்சயம் 6-க்கு மேல். நீங்கள் வாங்கும் 19 கிலோ வணிக சிலிண்டரும் கடை வாடகையும் அந்தக் கூடைக்குள் வருவதே இல்லை. ஆனால் வேடிக்கை பாருங்கள், வெளியில் வாங்கிச் சாப்பிடும் சாப்பாடும் பலகாரமும் அதில் உண்டு. நீங்கள் சாப்பாட்டுக்குப் பத்து ரூபாய் ஏற்றினால், அது உங்கள் வாடிக்கையாளரின் பணவீக்கம்!

பேப்பரில் ஒரு சொல்லைக் கவனியுங்கள். 5.08-லிருந்து 3.54-க்கு வந்ததை "1.54 சதவீதம் குறைந்தது" என்று அவசரத்தில் எழுதிவிடுவார்கள். அது 1.54 சதவீதப் புள்ளி. அந்தப் 'புள்ளி'யை விட்டுவிட்டால், விலையே ஒன்றரை சதவீதம் இறங்கியதுபோல் படிக்கிறவருக்குத் தோன்றும்.

இனி மகளின் கேள்வி. அங்கேயும் "எதோடு ஒப்பிட்டு, எதில் சதவீதம்?" என்று கேட்டால் பாதி விளங்கிவிடும்.

ஜிடிபி, அதாவது மொத்த உள்நாட்டு உற்பத்தி. நாட்டுக்குள் ஒரு வருடத்தில் புதிதாக உண்டான பொருட்கள், சேவைகளின் மதிப்பு. 'புதிதாக' என்பதில் கவனம் வேண்டும். நீங்கள் 80 ரூபாய்க்குச் சாப்பாடு போடும்போது, அந்த 80-ம் உங்கள் கணக்கில் சேராது. அரிசி, காய்கறி, கேஸ் என்று வெளியில் வாங்கியதற்கு 50 போனால், நீங்கள் கூட்டிய மதிப்பு 30 மட்டும். அந்த 50, விவசாயி கணக்கிலும் மற்றவர்கள் கணக்கிலும் ஏற்கெனவே ஏறிவிட்டது. இல்லாவிட்டால் ஒரே தக்காளியை நான்கு முறை எண்ண வேண்டிவரும்.

வளர்ச்சி என்று வரும்போது இரண்டு எண்கள் இருக்கும். தினமும் 100 சாப்பாடு, 80 ரூபாய் வீதம் விற்றால் 8,000. அடுத்த வருடம் அதே 100 சாப்பாட்டை 90-க்கு விற்றால் 9,000. கல்லாப்பெட்டி 12.5 சதவீதம் வளர்ந்திருக்கிறது. ஆனால் ஒரு இலைகூட அதிகம் விழவில்லை. முதலாவது நடப்பு விலையில் வளர்ச்சி, இரண்டாவது நிலையான விலையில் வளர்ச்சி. தலைப்பில் வருவது பெரும்பாலும் இரண்டாவதுதான். 2024 மே மாதம் வெளியான மதிப்பீட்டின்படி 2023-24-இல் நடப்பு விலையில் 9.6 சதவீதம், நிலையான விலையில் 8.2 சதவீதம். இடையில் 1.4-தான் விலையேற்றமா, சில்லறைப் பணவீக்கம் அந்த வருடம் சராசரியாக 5.4 ஆயிற்றே என்று மகள் கேட்டால், கெட்டிக்காரி என்று அர்த்தம். விலையைக் கழிக்க இங்கே சில்லறை விலையை மட்டும் எடுப்பதில்லை. மொத்த வியாபார விலைக்குப் பெரிய பங்கு உண்டு, அது அந்த வருடம் சற்று இறங்கியே இருந்தது. ஜிடிபி எண் பிறகு திருத்தப்படும் என்பதையும் சொல்லுங்கள். அந்த 8.2 அடுத்த வருடம் 9.2 என்று மாறியது.

நிதிப்பற்றாக்குறை எளிது. அரசு ஒரு வருடத்தில் செய்யும் மொத்தச் செலவிலிருந்து, கடன் அல்லாத வரவைக் கழித்தால் மிஞ்சுவது. அதாவது அந்த வருடம் வாங்க வேண்டிய கடன். 2024 ஜூலை 23 அன்று வந்த மத்திய பட்ஜெட்டில் செலவு 48.21 லட்சம் கோடி, கடன் அல்லாத வரவு 32.07 லட்சம் கோடி. துண்டு விழுவது சுமார் 16.13 லட்சம் கோடி. பேப்பரில் இதை "4.9 சதவீதம்" என்று போடுவார்கள். செலவில் 4.9 என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். செலவில் பார்த்தால் அது மூன்றில் ஒரு பங்கு! 4.9 என்பது ஜிடிபியில், அதுவும் நடப்பு விலையில் எடுத்த 326.37 லட்சம் கோடியில். விலைவாசி ஏறினால் அந்த அடித்தொகையும் பெருக்கும். கடன் ஒரு ரூபாய் குறையாமலேயே சதவீதம் குறைந்து காட்டும்.

அந்த 16.13-ஐ அரசின் மொத்தக் கடன் என்று எழுதினால் மார்க் போய்விடும். அது ஒரு வருடத்துக் கடன். பழைய கடன்களுக்கு வட்டி கட்ட மட்டும் அந்த பட்ஜெட்டில் 11.63 லட்சம் கோடி ஒதுக்கினார்கள். நகையை மீட்டு அன்றே மறு அடகு வைத்து வட்டி கட்டிய அனுபவம் உள்ளவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பரீட்சையில் கூடவே வரும் இன்னொரு சொல் வருவாய்ப் பற்றாக்குறை. மெஸ்ஸுக்குக் கடன் வாங்கிப் புது கிரைண்டர் வாங்கினால், அந்தக் கடன் நிதிப்பற்றாக்குறையில் சேரும், வருவாய்ப் பற்றாக்குறையில் சேராது. அன்றாட வசூல் போதாமல் அரிசிக்கும் சம்பளத்துக்கும் கடன் வாங்கினால் இரண்டிலும் சேரும். அந்த பட்ஜெட்டில் நிதிப்பற்றாக்குறை 4.9, வருவாய்ப் பற்றாக்குறை 1.8, அதாவது கடனில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று மேல், கிரைண்டர் வாங்கப் போகவில்லை.