டிஸ்சார்ஜுக்குப் பின் காப்பீட்டு நிறுவனத்துக்குப் பில்களை அனுப்ப எத்தனை நாள்?

"மார்ச் 3 அன்று அம்மாவுக்கு டிஸ்சார்ஜ். பிசியோதெரபி தொடர்கிறது. எல்லாம் முடிந்தபின் சேர்த்து அனுப்பலாம்தானே?"

கூடாது. உங்களுடையது ஆரோக்கிய சஞ்சீவனி பாலிசி என்றால், மருத்துவமனைச் செலவுக்கான ஆவணங்கள் டிஸ்சார்ஜிலிருந்து 30 நாட்களுக்குள், அதாவது ஏப்ரல் 2-க்குள் சேர வேண்டும். டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவு 60 நாட்கள் வரை ஏற்கப்படும். அந்தச் சிகிச்சை முடிந்த நாளிலிருந்து 15 நாட்களுக்குள் அதன் பில்களைத் தனியாக அனுப்ப வேண்டும். மே 2 வரை பிசியோதெரபி நீடித்தால் கடைசி நாள் மே 17. ஏப்ரல் 20-இலேயே முடிந்துவிட்டால் மே 5. பெரும்பாலோர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். வேறு பாலிசிகளில் கெடு குறைவாகவும் இருக்கலாம் என்பதால் உங்கள் பாலிசிப் பத்திரத்தையே பாருங்கள்.

"பயாப்ஸி ரிப்போர்ட் வரவே ஐந்து வாரம் ஆகிவிட்டது. இனி ஏற்பார்களா?"

பெரும்பாலும் ஏற்பார்கள், ரிப்போர்ட்டில் அச்சாகியிருக்கும் தேதியே உங்கள் சாட்சி. ஆனால் அதற்காகக் காத்திருந்தது தவறு. கையில் உள்ளவற்றை அனுப்பி, 'ரிப்போர்ட் பின்னர் வரும்' என்று ஒரு கடிதம் இணைத்திருந்தால் கேள்வியே எழுந்திருக்காது.

"2011 சுற்றறிக்கைப்படி தாமதத்தைக் காரணம் காட்டி மறுக்கவே முடியாதே, ஏன் பயப்பட வேண்டும்?"

பாதி சரி. தவிர்க்க முடியாத காரணத்தால் தாமதமான நேர்மையான கிளெய்மை, தாமதத்துக்காக மட்டும் நிராகரிக்கக் கூடாது என்றே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏவின் 20.9.2011 தேதியிட்ட சுற்றறிக்கை கூறுகிறது. கெடுவே செல்லாது என்று கூறவில்லை. காரணத்தைக் காட்டும் பொறுப்பு நமக்கு உண்டு. காப்பீட்டு நிறுவனத்துக்காகக் கிளெய்ம்களைக் கையாளும் டிபிஏ அலுவலகத்தில் நான் இருந்தபோது, 48-ஆம் நாள் வந்த ஒரு கோப்பில் 'குடும்பச் சூழ்நிலை காரணமாக' என்ற ஒரே வரி இருந்தது, திருப்பி அனுப்பப்பட்டது. அதை அனுப்பியவரே பிறகு, தமது மனைவி எந்தத் தேதியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டார், தாம் எத்தனை நாள் உடனிருந்தார் என்று எழுதி, அனுமதிச் சீட்டின் நகலையும் இணைத்தார், கிளெய்ம் தீர்ந்தது. பீரோவில் வைத்து மறந்துபோனதை மன்னிப்பார்களா என்றால், ஒவ்வொரு அதிகாரியும் ஒவ்வொரு விதமாக முடிவெடுப்பதைப் பார்த்திருக்கிறேன்.

"அப்பாவுக்குப் போன வருடம் கேஷ்லெஸ். நாங்கள் எதையும் அனுப்பவே இல்லை. போச்சா?"

மருத்துவமனை பில்லைப் பற்றிக் கவலை வேண்டாம். அதை அவர்களே அனுப்பியிருப்பார்கள். வீட்டுக்கு வந்தபின் நீங்கள் வாங்கிய மருந்துகளுக்கான பில்கள்தான் உங்கள் பொறுப்பு. ஓராண்டு கடந்த நிலையில், வலுவான காரணம் இல்லாமல் அவற்றைப் பெறுவது கடினம்.

"தாமதம் என்று மறுத்துக் கடிதம் வந்துவிட்டது."

நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு, தாமதத்தின் காரணத்தையும் சான்றையும் வைத்து எழுதுங்கள். அவர் மறுத்தாலோ, ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் ஓராண்டுக்குள் முறையிடலாம். தமிழ்நாட்டவர் சென்னை அலுவலகத்தை அணுக வேண்டும். கூரியர் ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள். ஆவணங்களை நீங்கள் எந்தத் தேதியில் அனுப்பினீர்கள் என்று காட்ட அதுதான் சான்று.