28-ஆல் பெருக்கிய பிறகு 2.75 எதற்கு?

கேள்வி: ஐயா, நெல்லும் இரண்டு பசுவும் வைத்திருக்கிறேன். மகள் வேளாண் தேர்வுக்குப் படிக்கிறாள். 1 ஹெக்டேர் நெல், 120 நாள், ஒரு நாளைக்கு 1.3 கிலோ மீத்தேன். இரண்டு பசு, ஒன்றுக்கு ஆண்டுக்கு 58 கிலோ. புவி வெப்பமாக்கும் திறன் 28. மொத்தம் எத்தனை டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம் என்று கேட்கிறார்கள். அவளுக்கு 20.9 டன் வருகிறது, விடைத்தாளில் 7.6 இருக்கிறது. எது சரி?

பதில்: விடைத்தாள்தான் சரி. மகள் எங்கே கூடுதலாகப் பெருக்கியிருக்கிறாள் என்பதும் அந்த 20.9-ஐப் பார்த்தாலே தெரிகிறது. 20.9-ஐ 7.6-ஆல் வகுத்தால் 2.75 வரும். அது 44/16, அதாவது கார்பன் டை ஆக்சைடின் மூலக்கூறு எடையை மீத்தேனின் மூலக்கூறு எடையால் வகுத்தது. வேதியியலை நன்றாகப் படித்த பிள்ளைகள்தான் பெரும்பாலும் இந்தத் தவறைச் செய்கிறார்கள்.

முதலில் கணக்கை நேராகப் போட்டுவிடுவோம்.

```
நெல்     : 1.3 × 120  = 156 கிலோ மீத்தேன்
பசு      : 58 × 2     = 116 கிலோ மீத்தேன்
மொத்தம்  : 272 கிலோ
272 × 28 = 7616 கிலோ = 7.6 டன்
```

இத்தோடு கணக்கு முடிந்தது. 28 என்பது எடைக்கு எடை ஒப்பிட்ட எண். இன்று 1 கிலோ மீத்தேனும் 1 கிலோ கார்பன் டை ஆக்சைடும் காற்றில் கலந்தால், அடுத்த 100 ஆண்டுகளில் ஒவ்வொன்றும் மொத்தம் எவ்வளவு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் என்று கணித்து, ஒன்றை மற்றதால் வகுத்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் கிலோதான் என்பதால் மூலக்கூறு எடைக்கு இங்கே வேலையே இல்லை.

அப்படியானால் 2.75 எங்கே வரும்? சாண எரிவாயு அடுப்பை நினைத்துப் பாருங்கள். அங்கே 1 கிலோ மீத்தேன் முழுவதும் எரிந்தால் 2.75 கிலோ கார்பன் டை ஆக்சைடாக மாறும். எரியாமல் கசிந்தால் அதே 1 கிலோ, 28 கிலோவுக்குச் சமம். ஒரே வாயுவுக்கு இரண்டு வழி. ஒரு கணக்கில் ஏதாவது ஒன்றுதான் நடக்கும். மகள் இரண்டையும் சேர்த்துப் பெருக்கியிருக்கிறாள், அதாவது மீத்தேனை எரித்துவிட்டு, எரியாதது போலவும் கணக்கு வைத்திருக்கிறாள்.

காற்றில் கலந்த மீத்தேனும் சராசரியாக 12 ஆண்டுகளில் சிதைந்து பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடாகத்தான் ஆகிறது, அதையும் சேர்க்க வேண்டாமா என்று அவள் கேட்கலாம். நல்ல கேள்விதான். ஆனால் அது பெருக்கலாக வராது, கூட்டலாகத்தான் வரும். ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் ஐந்தாம் அறிக்கை நிலத்தடி எரிபொருளிலிருந்து வரும் மீத்தேனுக்கு 30 என்று கொடுப்பது அதனால்தான். வயலுக்கும் மாட்டுக்கும் 28 போதும். அந்தக் கார்பனைப் பயிரும் புல்லும் காற்றிலிருந்துதான் எடுத்தன. திரும்பப் போவது புதுச் சுமை இல்லை. மாடு மூச்சில் விடும் கார்பன் டை ஆக்சைடைக் கணக்கில் சேர்க்காததும் இதே காரணத்தால்தான்.

இன்னொன்றையும் அவள் பார்த்துக்கொள்ளட்டும். கேள்வி எந்த எண்ணைக் கொடுக்கிறதோ அதையே எடுக்க வேண்டும். 100 ஆண்டுக்கு 28 என்றால், அதே அறிக்கையில் 20 ஆண்டுக்கு 84. மீத்தேன் சீக்கிரம் சிதைவதால் அதன் சூடெல்லாம் முதல் சில பத்தாண்டுகளிலேயே குவிந்துவிடுகிறது. காலத்தைச் சுருக்கினால் எண் ஏறும். பழைய பாடநூலில் 25 இருக்கும், ஆறாம் அறிக்கையில் வயல், கால்நடை மீத்தேனுக்கு 27. தப்பு எதுவும் இல்லை, அறிக்கைதான் வேறு. ஒரே கணக்கில் இரண்டைக் கலந்தால்தான் தப்பு.

இந்தக் கணக்கு உங்கள் வயலுக்கும் பயன்படும். தேங்கிய நீரில் கால் வைத்து அழுத்தினால் குமிழி வருமே, அதில் மீத்தேன் உண்டு. ஆனால் அதிகம் போவது கண்ணுக்குத் தெரியாமல் நெல் தண்டின் காற்றுக் குழாய் வழியாகத்தான். நீரை வற்றவிட்டு மறுபடி கட்டினால், மண்ணுக்குள் காற்றுப் போய் மீத்தேன் உண்டாவது குறைகிறது. பலமுறை காயவிடும் வயலுக்கு ஐபிசிசி தரும் பெருக்கெண் 0.55. உங்கள் 156 கிலோ 85.8 ஆகும், மிச்சம் 70.2 கிலோ, 28-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 1966 கிலோ.

ஆனால் காயவிடும்போது தழைச்சத்து உரத்திலிருந்து நைட்ரஸ் ஆக்சைடு கூடும். அதன் திறன் ஐந்தாம் அறிக்கைப்படி 265. 1966-ஐ 265-ஆல் வகுத்தால் 7.4. அதாவது கூடுதலாக 7.4 கிலோ நைட்ரஸ் ஆக்சைடு வெளியேறினால் மிச்சம் பிடித்ததெல்லாம் போச்சு. பொதுவாக அவ்வளவு கூடாது, ஆனாலும் யூரியாவை ஒரேயடியாகக் கொட்டிவிட்டு வயலைக் காயவிடாதீர்கள். பிரித்துப் போடுங்கள், பூக்கும் பருவத்தில் மட்டும் நீர் நிற்கட்டும், அப்போது காய்ந்தால் மணி பிடிக்காது.