அம்மாவுக்கு ஹோம் நர்ஸா, டே கேரா, முதியோர் இல்லமா?

கேள்வி: அம்மாவுக்கு 76 வயது. மறதி நோய் என்று டாக்டர் சொல்லி இரண்டு வருடம் ஆகிறது. நன்றாக நடக்கிறார், எங்களை அடையாளம் தெரிகிறது. ஆனால் ராத்திரி இரண்டு மூன்று தடவை எழுந்து வாசல் கதவைத் திறக்கப் பார்க்கிறார். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். 24 மணி நேர ஆளுக்கு மாதம் 27,000 ரூபாய், டே கேருக்கு வேனோடு 12,000, இல்லத்துக்கு 38,000 கேட்கிறார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது? — ஒரு வாசகி, கோவை

பதில்: உங்கள் அம்மா விஷயத்தில் முடிவைச் சொல்லப்போவது பகல் இல்லை, ராத்திரிதான். அதனால் பணக் கணக்குக்கு முன்னால், ஒரு வாரம் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்: எத்தனை மணிக்கு எழுந்தார், எழுந்து என்ன செய்தார், திரும்பத் தூங்க எவ்வளவு நேரம் ஆனது, பகலில் எவ்வளவு தூங்கினார். அந்த நோட்டோடு டாக்டரைப் பாருங்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், மூட்டு வலி, சர்க்கரை ஏறி இறங்குவது, சாயங்காலத்தில் கொடுக்கும் நீர் மாத்திரை, இதில் எது இருந்தாலும் வயதானவர்கள் ராத்திரியில் எழுவார்கள். திடீரென்று சில நாட்களில் குழப்பம் அதிகமானால் அது மறதி நோய் முற்றியதாக இருக்காது. பெரும்பாலும் தொற்றோ புது மாத்திரையோதான். அதைச் சரிசெய்தாலே சில வீடுகளில் பாதி பாரம் இறங்கிவிடும்.

அப்படியும் எழுகிறார் என்றால், 27,000 ரூபாய்க் கணக்கை மறுபடி போட்டுப் பாருங்கள். "24 மணி நேர ஆள்" என்றால் ஒரே ஒரு பெண், உங்கள் வீட்டிலேயே தங்குபவர். பகலெல்லாம் அம்மாவைக் குளிப்பாட்டி, சாப்பிட வைத்து, கூடவே நடந்தவர் ராத்திரி தூங்கித்தான் ஆக வேண்டும். அம்மா விடிய விடியத் தூங்கினால் இந்த ஏற்பாடு நன்றாக நடக்கும். மூன்று தடவை எழுந்தால், இரண்டாவது வாரமே அந்தப் பெண் "ஊருக்குப் போய்ட்டு வர்றேன்" என்பார். ஏஜென்சி வேறொருவரை அனுப்பும், அம்மாவுக்கு மறுபடி புது முகம். ஆள் மாறிக்கொண்டே இருப்பதாகப் பல வீடுகளில் புலம்புவதற்குக் காரணம் பெரும்பாலும் தூக்கம்தான்.

நேர்மையாகப் பார்த்தால் உங்களுக்குத் தேவை இரண்டு ஷிப்டு. 12 மணி நேரத்துக்கு 750 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு ஷிப்டுக்கு மாதம் 22,500, இரண்டுக்கும் 45,000. அதாவது இல்லத்தைவிட அதிகம். இன்னொன்றையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஏஜென்சி "நர்ஸ்" என்று அனுப்புபவர் பல சமயம் பராமரிப்பு உதவியாளர்தான். குளிப்பாட்ட, ஊட்ட, டயபர் மாற்ற அவர் போதும். இன்சுலின் ஊசி, சிறுநீர்க் குழாய், மூக்குக் குழாய் வழியாக உணவு என்று வந்தால் நர்சிங் படித்தவர் வேண்டும், அதற்குக் கட்டணம் வேறு. உங்கள் அம்மாவுக்கு இப்போது நர்ஸ் தேவையில்லை. தேவைப்படுவது விழித்திருக்கும் ஒரு ஆள்.

டே கேரைப் பலரும் "பகல் பொழுதைப் போக்க ஓர் இடம்" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நடக்கவும் உட்கார்ந்து சாப்பிடவும் முடிகிற நிலையில் இருப்பவர்களுக்கு அதுதான் அதிகம் கொடுக்கிறது. வீட்டில் டிவி முன்னால் தூங்கி வழிகிறவர் அங்கே பூ கட்டுகிறார், பாட்டுக்குத் தலையாட்டுகிறார், வெயிலில் நடக்கிறார். பகல் தூக்கம் குறைந்தால் ராத்திரித் தூக்கம் நீள வாய்ப்பு உண்டு. முதல் இரண்டு வாரம் "நான் வரமாட்டேன்" என்று அடம் பிடிப்பார். அரை நாளாக ஆரம்பியுங்கள், ஒரு மாதம் முடிவதற்குள் தீர்ப்புச் சொல்லாதீர்கள். இதிலும் குறை இல்லாமல் இல்லை. ஞாயிறும் பண்டிகை நாளும் விடுமுறை. காய்ச்சல் என்றால் அனுப்ப முடியாது. வேன் வருவதற்குள் குளிப்பாட்டிக் கிளப்புவது உங்கள் தலையில்தான். அடிக்க ஆரம்பித்தாலோ நடை நின்றாலோ பெரும்பாலான டே கேர்களில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

இல்லத்தின் பெரிய பலம், ராத்திரிக்கென்று தனி ஆள் இருப்பது. ஆனால் அது உண்மையிலேயே இருக்கிறதா என்பதைக் காலை 11 மணிக்குப் போய் அலுவலக அறையில் உட்கார்ந்து தெரிந்துகொள்ள முடியாது. ராத்திரிச் சாப்பாடு முடிந்த நேரத்தில் போங்கள். எத்தனை பேருக்கு எத்தனை பேர் ராத்திரி வேலையில் இருக்கிறார்கள் என்று வேலை செய்கிறவரிடமே கேளுங்கள். மறதி நோயாளிகள் பலருக்குச் சாயங்காலம் ஆனதும் பதற்றம் கூடும், "வீட்டுக்குப் போகணும்" என்று கிளம்புவார்கள். அந்த நேரத்தில் அங்கே கைபிடித்துக் கூட நடக்கிறார்களா, நாற்காலியில் துணியால் கட்டி வைக்கிறார்களா, மாத்திரை கொடுத்து மயக்கத்தில் வைக்கிறார்களா என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். படுத்த படுக்கையாக இருப்பவரின் குதிகாலிலும் முதுகின் அடிப்பகுதியிலும் படுக்கைப் புண் வராமல் எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேளுங்கள். புரட்டிப் படுக்க வைக்கும் நேரத்தை எழுதி வைக்கிற இல்லம் நல்ல இல்லம்.

பணம் கட்டுவதற்கு முன் ஒப்பந்தத்தில் மூன்று விஷயம் பாருங்கள். டயபர், மருந்து, டாக்டர் கட்டணம் 38,000-க்குள் வருமா? ஆஸ்பத்திரியில் சேர்த்தால் கூட இருப்பது யார்? நடை நின்று படுக்கையாகிவிட்டால் தொடர்ந்து வைத்துக்கொள்வார்களா, முன்பணம் எப்போது திரும்பக் கிடைக்கும்? கோவையைச் சுற்றி இருக்கும் ஓய்வுக்கால வீட்டு வளாகங்களில் பல, தன் வேலையைத் தானே செய்துகொள்கிறவர்களுக்கானவை. மறதி நோய்ப் பராமரிப்பு அங்கே தனிப் பிரிவாக இருந்தால்தான் உண்டு.

உங்களுக்கு என் யோசனை: டே கேர் 12,000, ராத்திரிக்கு மட்டும் ஒரு ஆள் 22,500, ஆக 34,500 ரூபாய். ஞாயிறு பகல் உங்களுடையது. ராத்திரி ஆளைப் பகலில் வேறு வீட்டில் வேலை செய்யாதவராகக் கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் அவரும் தூங்கிவிடுவார். வாசல் கதவுக்கு உயரத்தில் ஒரு தாழ்ப்பாளும், திறந்தால் மணியடிக்கும் சின்ன அலாரமும் போடுங்கள். யாராவது விழித்திருக்கும்போது மட்டும் அந்தத் தாழ்ப்பாளைப் போடுங்கள். தீ பிடித்தால் அதுவே ஆபத்து. இரண்டு மாதம் இப்படி ஓட்டிப் பாருங்கள்.

அம்மா ஆளையே அடிக்கிறார், கூட ஆள் இருந்தும் வீடே தூங்கவில்லை, அல்லது உங்கள் உடம்பு கெடுகிறது என்றால் இல்லத்துக்கு மாற்றுங்கள், குற்ற உணர்ச்சி வேண்டாம். அங்கே முதலில் 15 நாள் தற்காலிகமாகச் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். திரும்பி வரும்போது எடை குறைந்திருக்கிறதா, உடம்பில் கன்றிய தடம் இருக்கிறதா, புது மாத்திரை சேர்ந்திருக்கிறதா என்று பார்த்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

நோய் முற்றி அவர் படுக்கையோடு ஆகும் காலத்தில் கணக்கு மறுபடி மாறும். அப்போது அலைவது நின்றுவிடும். நேரத்துக்கு ஊட்டுவதும், புரட்டுவதும், சுத்தம் செய்வதும்தான் வேலை. அதை ஒரு உதவியாளரும், வாரம் இரண்டு முறை வந்து போகும் நர்ஸும், ராத்திரிக்கு நீங்களுமாக வீட்டிலேயே செய்யலாம். இல்லத்தில் இருப்பவரைக் கடைசிக் காலத்தில் வீட்டுக்குக் கூட்டிவந்து பார்த்துக்கொண்ட குடும்பங்களும் உண்டு. உங்கள் பகுதியில் உள்ள இல்லங்கள், டே கேர்கள் பற்றி விசாரிக்க 14567 என்ற முதியோர் உதவி எண்ணுக்குக் கட்டணமில்லாமல் பேசலாம்.