ஏழு தடவை ஏன் என்று கேட்டால்: 304 கட்டுக்கும் அதே கணக்கா?

கேள்வி: காட்ஸ் கட்டை ஏழு தடவை கலைச்சாத்தான் சரியாக் கலையும் எண்டு சொல்லினம். அது உண்மையா? நாங்கள் வீட்டில 304 அடிக்கிற 32 காட்ஸுக்கும் ஏழு தடவை வேணுமா?

ஏழு என்பது 52 சீட்டுக் கட்டுக்குச் சொன்ன கணக்கு. உங்கள் 32 சீட்டுக்கு ஆறு போதும். ஆனால் இரண்டுமே ஒரு விதமான கலைப்புக்கு மட்டும்தான் பொருந்தும். கட்டை ஏறக்குறைய நடுவில் வெட்டி, இரண்டு பாதியையும் பெருவிரலால் வளைத்து, சரசரவென்று ஒன்றுக்குள் ஒன்று விழ விடுகிறோமே, அந்த ரிஃபிள் கலைப்பு. வெள்ளவத்தையில் நான் உட்கார்ந்த மேசைகளில் பலரும் செய்வது, கட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு கொத்துக் கொத்தாக மறுகைக்கு இறக்குவது. அதன் கதை வேறு, பிறகு சொல்கிறேன்.

முதலில், ஒரு ரிஃபிள் கட்டுக்குள் என்ன செய்கிறது என்று கண்ணால் பார்த்துவிடுவோம். ஆட்டினில் ஏஸ் முதல் எட்டு வரை எட்டுச் சீட்டை வரிசையாக அடுக்குங்கள். மூன்று ஒரு பக்கம், ஐந்து மறுபக்கம் என்று வெட்டிக் கலைத்தால் இப்படி வரலாம்:

4 1 5 6 2 7 3 8

பார்க்கக் கலைந்த மாதிரித்தான் இருக்கிறது. ஆனால் இடமிருந்து வலமாக 1, அதற்குப் பிறகு 2, அதற்குப் பிறகு 3 என்று தேடிப் போங்கள். மூன்றும் அதே ஒழுங்கில் கிடைக்கும். நாலு பின்னால் இல்லை, அதனால் முதலாவது சங்கிலி அங்கே அறுகிறது. திரும்ப முதலில் இருந்து வந்தால் 4, 5, 6, 7, 8 முழுதாக நிற்கிறது. ஒரு கலைப்பு என்றால் அதிகபட்சம் இரண்டு சங்கிலி. ஒவ்வொரு சங்கிலியையும் அடுத்த கலைப்பு மேலும் இரண்டாகத்தான் அறுக்கும். ஆகவே இரண்டு கலைப்புக்கு நாலு, மூன்றுக்கு எட்டு, நாலுக்குப் பதினாறு. இதைத் தாண்டவே முடியாது.

இதை வைத்துக் கண்கட்டு வித்தையே செய்திருக்கிறார்கள். மேலே உள்ள வரிசையில் உச்சியில் இருக்கும் நாலை எடுத்து நடுவில் செருகுங்கள்: 1 5 6 2 4 7 3 8. இப்போது சங்கிலிகளைத் தேடினால் 1 2 3 ஒன்று, 5 6 7 8 ஒன்று, இடையில் 4 மட்டும் தன்னந்தனியாக நிற்கும். எந்தச் சீட்டை நகர்த்தினீர்கள் என்பதை அதுவே காட்டிக்கொடுக்கிறது. சார்ல்ஸ் ஜோர்டன் என்ற அமெரிக்க வித்தைக்காரர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே முழுக் கட்டையும் பல தடவை ரிஃபிள் பண்ணவிட்டு இந்த வித்தையைச் செய்தார். சுற்றி நின்றவர்கள் கட்டு நன்றாகக் கலைந்துவிட்டது என்றே நம்பியிருப்பார்கள்.

ஏழு எங்கிருந்து வந்தது என்பதும் இதே சங்கிலிகளில்தான் இருக்கிறது. உண்மையாகவே எழுந்தமானமாக இருக்கும் 52 சீட்டில் சராசரியாக 26 அல்லது 27 சங்கிலி இருக்கும். அதிலிருந்து இரண்டு மூன்று கூடிக் குறையும், அவ்வளவுதான். நாலு கலைப்பில் பதினாறுக்கு மேல் வராது என்பதால், சங்கிலியை எண்ணத் தெரிந்தவர் அந்தக் கட்டைப் பார்த்ததும் பிடித்துவிடுவார். 1992இல் டேவ் பேயரும் பெர்சி டயகோனிஸும் இதை முழுமையாகக் கணித்து வெளியிட்டார்கள். டயகோனிஸ் கணிதப் பேராசிரியர் ஆவதற்கு முன் வித்தைக்காரராக இருந்தவர். கலைத்த கட்டு எழுந்தமானத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதற்கு 0 முதல் 1 வரை ஓர் அளவு. நாலு கலைப்பு வரை அது 1ஐ விட்டு அசைவதே இல்லை. ஐந்தில் 0.924, ஆறில் 0.614, ஏழில் 0.334. அதன்பின் ஒவ்வொரு கலைப்புக்கும் பாதி பாதியாகக் குறைகிறது: எட்டில் 0.167, ஒன்பதில் 0.085. இந்த எண்ணை ஒரு பந்தயக்காரரின் கண்ணால் பாருங்கள். கட்டைப் பற்றி எந்தக் கேள்வியைத் தெரிந்தெடுத்துப் பந்தயம் கட்டினாலும், நியாயமான கட்டில் உள்ள வாய்ப்பிலிருந்து அவருக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய வித்தியாசம் அது. ஏழில் எல்லாம் முடிந்துவிடுவதில்லை. பாதியைக் கடந்து வேகமாக இறங்கத் தொடங்கும் இடம் அது. பணம் வைத்து ஆடுகிற மேசை என்றால் நான் ஒன்பது கேட்பேன்.

32 சீட்டுக்கு அதே கணக்கைப் போட்டால், ஆறு கலைப்பில் கிடைப்பது 52க்கு ஏழில் கிடைப்பதற்கு ஏறக்குறைய சமம். 304க்கு இது முக்கியம் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொரு பிடியாகத்தான் கட்டைச் சேர்க்கிறோம். ஒரு பிடியில் நாலு சீட்டு, பெரும்பாலும் ஒரே இனம். நாலு நாலாகப் பகிர்கிற மேசையில் கலையாத பிடி ஒன்று அப்படியே ஒருவர் கைக்குப் போய்ச் சேரலாம். அந்த முதல் நாலைப் பார்த்துத்தானே கேட்கிறோம். 32 சீட்டில் அடுத்தடுத்து ஒட்டியிருக்கும் சோடிகள் 31. நல்ல ரிஃபிள் ஒன்று அவற்றில் ஏறக்குறைய பாதியைப் பிரிக்கும். முதல் கலைப்புக்குப் பின் பதினைந்து பதினாறு சோடி மிஞ்சும், பிறகு எட்டு, பிறகு நாலு. மூன்றோடு நிறுத்துகிற வீட்டில் பழைய பிடிகளின் துண்டுகள் இன்னும் கட்டுக்குள் இருக்கின்றன என்று அர்த்தம்.

உங்கள் கை எப்படி என்று சோதிக்க இதுவே வழி. 32ஐயும் வரிசையாக அடுக்கி, ஒரே ஒரு தடவை கலைத்து, எத்தனை சோடி அறாமல் இருக்கிறது என்று எண்ணுங்கள். ஒரு தடவை 13, இன்னொரு தடவை 18 என்று ஏறி இறங்கும். சில தடவை செய்து சராசரியைப் பாருங்கள். இருபதைத் தாண்டினால் சீட்டு கொத்தாக விழுகிறது. கடலோரமாக இருக்கிற எங்கள் பக்கத்து வீடுகளில் இது அடிக்கடி நடக்கும். உப்புக்காற்றில் கடதாசிச் சீட்டு ஈரம் பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிவிடும். பிளாஸ்டிக் சீட்டு வாங்குங்கள், அல்லது இரண்டு கலைப்புக் கூட்டுங்கள்.

மறுபக்கத்து ஆபத்தும் உண்டு. சரிபாதியாக வெட்டி, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று பிசகாமல் இறக்கப் பழகியவருடைய கையில் எழுந்தமானமே இல்லை. உச்சிச் சீட்டு உச்சியிலேயே நிற்கும்படி அப்படி எட்டுத் தடவை கலைத்தால் 52 சீட்டும் பழைய ஒழுங்குக்கே திரும்பி வந்துவிடும். 32 என்றால் ஐந்தே தடவை. கொஞ்சம் ஒழுங்கில்லாமல் விழுவதுதான் இங்கே வேலை செய்கிறது.

கொத்தாக இறக்கும் கலைப்புக்கு வருகிறேன். அதில் ஒரு சுற்றுக்கு எட்டுக் கொத்து விழுந்தால் 31 சோடியில் ஏழுதான் பிரிகிறது. கொத்துக்குள் இருப்பவை அப்படியே அடுத்த இடத்துக்குப் போகின்றன. 52 சீட்டை அந்த வழியில் எழுந்தமானத்துக்குக் கொண்டுவர ஆயிரக்கணக்கான சுற்று வேண்டும். ரிஃபிள் வராதவர்களும் சின்னப் பிள்ளைகளும் சீட்டை மேசையில் கவிழ்த்துப் பரப்பி, இரண்டு கையாலும் ஒரு நிமிடம் நன்றாக அளைந்துவிட்டுச் சேர்க்கட்டும். அது எவ்வளவோ மேல்.