உப்புச் சக்கரை மாத்தியும் மகளின் படம் வரன் தளத்தில்

"பெருந்துறையிலிருந்து எழுதுகிறேன். தை மாதம் மகளுக்கு உப்புச் சக்கரை மாத்தி நிச்சயம் பண்ணியாச்சு. ஆனால் வரன் பார்க்கும் தளத்தில் அவள் விவரமும் படங்களும் அப்படியே இருக்கின்றன. பதிவு செய்தது என் மச்சான் மகன். நான் இரண்டு கடிதம் போட்டும் நீக்கவில்லை. 'இன்னும் வரன் பாக்கறீங்களா?' என்று சம்பந்தி வீட்டில் கேட்டுவிட்டார்கள். மானமே போச்சு. மீதிக் கட்டணமும் நஷ்ட ஈடும் கேட்டு வழக்குப் போடலாமா?"

சம்பந்தி வீட்டாரிடம் நீங்கள்தான் பேசிக்கொள்ள வேண்டும். சட்டப்படி பார்த்தால் உங்கள் கடிதத்தில் ஒரே வரிதான் முக்கியம்: பதிவு செய்தது மச்சான் மகன். கணக்கு அவர் எண்ணில், அவர் மின்னஞ்சலில் இருக்கிறது. நிறுவனத்துக்கு நீங்கள் யாரோ ஒருவர். யாரோ ஒருவர் எழுதினார் என்று ஒரு பெண்ணின் கணக்கை மூட மாட்டார்கள், மூடவும் கூடாது.

படம் மகளுடையது, அவர் மேஜர். அதனால் கடிதம் அவர் பெயரில், பதிவான மின்னஞ்சலிலிருந்து, தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்குப் போகட்டும். 2021 ஐ.டி. விதிகளின்படி அந்த அலுவலரின் பெயரைத் தளத்தில் போட்டிருக்க வேண்டும், புகார் கிடைத்ததை 24 மணி நேரத்தில் ஒப்புக்கொள்ளவும் வேண்டும். 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி மிரட்டாதீர்கள். 2025 நவம்பரில் விதிகள் வந்தபோது அதன் முக்கியப் பிரிவுகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள், அது அவர்கள் வக்கீலுக்கும் தெரியும்.

என் கட்சிக்காரர்கள் மாட்டிக்கொள்வது இதற்கு அப்புறம்தான். கோபிப் பக்கம் ஒருவர் "விவரத்தை எடுத்துவிடுங்கள்" என்று மட்டும் எழுதினார். தளத்தார் அழிக்காமல் மறைத்து மட்டும் வைத்தார்கள். மறைப்புக்குக் காலக்கெடு உண்டு. அது முடிந்ததும், கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்பு, பெண்ணின் படம் தானாகத் திரும்பி வந்துவிட்டது. ஆகவே "ஒப்புதலைத் திரும்பப் பெறுகிறேன், விவரம், படங்கள், ஜாதகம் எல்லாவற்றையும் மறைக்காமல் நிரந்தரமாக அழிக்கவும்" என்றே பதிவு எண்ணோடு எழுதுங்கள். அனுப்பும் முன் பக்கம் முழுவதையும் தேதி தெரியப் படம் பிடித்து வையுங்கள். அழித்த பிறகு யாராவது அந்தப் படத்தை வைத்துப் போலிக் கணக்கு தொடங்கினால், எங்கிருந்து போனது என்று காட்ட அதுதான் சாட்சி.

கணக்கை மூடும்போது "எங்கள் மூலம் வரன் அமைந்ததா?" என்று கேட்பார்கள். அதில் டிக் போட்டால், கல்யாணப் படத்தை விளம்பரத்தில் போடவும் பல தளங்களில் சம்மதம் கொடுத்ததாகிவிடும். படிக்காமல் தொடாதீர்கள். நிரூபிக்கிறேன் என்று அழைப்பிதழையும் இணைக்காதீர்கள். மண்டபம், தேதி, இரண்டு வீட்டு முகவரி எல்லாம் அதில் இருக்கிறது. நீக்குவதற்குக் காரணமே சொல்லத் தேவையில்லை.

கட்டண விஷயத்தை இதே கடிதத்தில் எழுதினால் பில்லிங் பிரிவுக்குப் போய், நீக்கும் வேலை அங்கேயே தேங்கும். ஈரோடு நுகர்வோர் ஆணையத்தில் நீங்கள் மனு போடலாம், தடையில்லை. ஆனால் கல்யாணம் நிற்கவில்லையே, என்ன நஷ்டம் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? மீதிப் பணத்தை விட்டுவிடுங்கள். இன்று சாயங்காலம் மச்சான் மகனைக் கூப்பிட்டு, அவர் போனுக்கு வரும் ஓடிபியைப் போட்டுக் கணக்கைத் திறந்து, நீங்களே நீக்கப் பாருங்கள். நீங்கவில்லையென்றால் மட்டும் மகள் கடிதம் எழுதட்டும்.