நகைக்கடன் மேசையில் ஒரு சண்டை: பயிற்சி வீடியோவுக்கு ஸ்கிரிப்ட் எழுதிய அனுபவம்

கேள்வி: எங்கள் வங்கியில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி வீடியோ எடுக்கிறோம். கோபப்படும் வாடிக்கையாளரிடம் எப்படிப் பேசுவது என்று நடித்துக் காட்டும் காட்சிகளை எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. எப்படி எழுதினால் நாடகம் மாதிரி இல்லாமல் இருக்கும்?

ஈரோடு பக்கம் கிளைகளில் பல வருடம் நகைக்கடன் மேசையில் உட்கார்ந்துவிட்டு, பிறகு பயிற்சிப் பிரிவுக்குப் போனவன் நான். முதல் ஸ்கிரிப்டில் மண்ணைக் கவ்வினேன். அதில் ஒரு அம்மா கத்துவார், ஊழியர் முறைப்பார், அடுத்த காட்சியில் அதே ஊழியர் சிரித்துக்கொண்டே "உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது" என்பார். போட்டுக் காட்டியபோது அறையில் எல்லோரும் சிரித்தார்கள். "நாங்க யாரும் இப்படி முறைக்க மாட்டோம் சார்" என்றார் ஒரு பெண். சரிதானே? தப்பு செய்பவனை வில்லனாக்கிவிட்டால், பார்ப்பவர் அந்தத் தப்பில் தன்னைப் பார்க்க மாட்டார்.

இரண்டாவது முறை, நம் ஊர்க் கிளைகளில் வாராவாரம் நடக்கும் ஒரே ஒரு சங்கதியை மட்டும் எடுத்தேன். கல் வைத்த ஆரத்தை அடகு வைக்க வருகிறார் ஒரு தோட்டத்து அம்மா. தோட்டத்தில் ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. வண்டிக்காரருக்குச் சாயங்காலம் பணம் தர வேண்டும். ஆரம் ஆறு பவுன், அதாவது 48 கிராம். அதற்கு எவ்வளவு கிடைக்கும் என்று வீட்டிலேயே கணக்குப் போட்டு வந்திருக்கிறார். வங்கியின் கணக்கில் அது 42.5 கிராம்தான். மீதி ஐந்தரை கிராம் கல்லும் அரக்கும் கயிறும். கடனுக்குத் தங்கத்தின் மதிப்பை மட்டும்தான் எடுக்க முடியும்.

தப்பான காட்சியை இப்படி எழுதினேன்:

ஊழியர்: கொஞ்சம் இரும்மா, பாத்துட்டுச் சொல்றேன்.
(ஆரத்தை வாங்கி மதிப்பீட்டாளர் உள்ளே போகிறார். அந்த அம்மா கதவையே பார்க்கிறார்.)
ஊழியர்: நிகர எடை நாப்பத்திரண்டரை கிராம் வருது. அதுக்குத்தான் கடன்.
அம்மா: அதெப்படிங்க? ஆறு பவுனு குடுத்தனுங்க. உள்ள கொண்டுபோயி என்ன பண்ணுனீங்க?

இதில் யாரும் முறைக்கவில்லை. ஊழியர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை. ஆனால் கதவு மூடியபோதே காரியம் கெட்டுவிட்டது. போட்டுக் காட்டும்போது அந்த இடத்தில் வீடியோவை நிறுத்தி, "இப்போது அந்த அம்மா மனதில் என்ன ஓடுகிறது?" என்று கேட்கச் சொல்லி ஸ்கிரிப்டிலேயே எழுதிவிட்டேன். அவர் கத்தின பிறகு நிறுத்தினால் "பொறுமையாகப் பேச வேண்டும்" என்ற ஒரே பதில்தான் வரும்.

ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் கொடுத்த தங்க, வெள்ளி அடகுக் கடன் விதிகளும் இதைத்தான் கேட்கின்றன. மதிப்பிடும்போது கடன் வாங்குபவர் கூட இருக்க வேண்டும். கல், அரக்கு, கயிறு என்று எதற்காக எவ்வளவு கழித்தோம் என்பதை அவரிடம் விளக்கி, சான்றிதழிலும் எழுதித் தர வேண்டும். அதனால் சரியான காட்சியில் எடை மிசின் கவுண்டருக்கு வந்துவிட்டது:

ஊழியர்: இப்படி வந்து நில்லுங்கம்மா. மிசின்ல என்ன காட்டுதுன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க.
அம்மா: நாப்பத்தெட்டு.
ஊழியர்: ஆமாங்க. உங்க ஆறு பவுனு சரியா இருக்குதுங்க.
மதிப்பீட்டாளர் (ஆரத்தைத் திருப்பிக் காட்டி): பின்னாடி பாருங்க, கல்லுக்கு அடியில அரக்கு ரொப்பியிருக்குது. கல்லு, அரக்கு, இந்தக் கயிறு, எல்லாஞ் சேத்து அஞ்சரை கிராம் கழிக்கறனுங்க.
(மௌனம்.)
அம்மா: அப்ப வாங்கும்போது கல்லுக்கும் சேத்துத்தான் பவுனு வெல குடுத்தமா?

கழிவைச் சொல்வது மதிப்பீட்டாளர் என்பதைக் கவனியுங்கள். முதல் வரைவில் அதை ஊழியர் வாயில் வைத்திருந்தேன். எங்கள் மதிப்பீட்டாளர் படித்துவிட்டுத் திருத்தினார்: "மிசின் மொத்த எடையத்தானுங்க காட்டும். கல்லைப் பேத்தா எடுக்கறோம்? கழிவு என் கண்ணுக்குப் பட்ட மதிப்புங்க." சண்டை முளைப்பதே அங்கேதான். மிசினை யாரும் சந்தேகப்படுவதில்லை, மனுசர் போடும் மதிப்பைத்தான் சந்தேகப்படுவார்கள். அப்படியானால் அந்த மனுசர் நேரில் நின்று நகையைத் திருப்பிக் காட்ட வேண்டும்.

அந்த மௌனத்துக்கு ஸ்கிரிப்டில் நான்கு விநாடி என்று எழுதினேன். நடித்த பையன் அதைத் தாங்க மாட்டாமல் ஒவ்வொரு முறையும் வாயைத் திறந்தான். கடைசிக் கேள்வியும் சுலபமானதல்ல. "அதை நகைக்கடையில கேளுங்க" என்று வாய் வரை வரும். அவருக்கு இப்போது கோபம் வங்கி மேல் இல்லை. அந்த ஒரு வரி சொன்னால் திரும்பவும் நம் மேல் வந்துவிடும்.

அப்புறம் பேச்சு வழக்கு. தப்பான காட்சியில் "இரும்மா" என்று போட்டது வேண்டுமென்றேதான். தென்மாவட்டத்திலிருந்து வந்த நண்பர் ஒருவர் அப்படித்தான் பேசுவார், அவர் ஊரில் அது பாசம். இங்கே வயதில் மூத்தவரிடம் "ங்க" இல்லாமல் பேசினால் முகத்தில் அடித்த மாதிரி. கதவு மூடுவதற்கு முன்பே அந்த அம்மாவுக்குச் சுருக்கென்று பட்டிருக்கும். வசனத்தை எழுதி முடித்ததும் உள்ளூர் ஆள் ஒருவரை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அவர் நாக்கு தடுக்கும் வரியெல்லாம் அடித்துவிட வேண்டிய வரி.

வசனத்தில் அன்றைய தங்க விலையையோ கடன் விகிதத்தையோ வைக்காதீர்கள். வெகுகாலம் மதிப்பில் 75 சதவீதம் என்று இருந்தது. புதிய விதியில், குடும்பச் செலவுக்கான கடன் இரண்டரை லட்சம் வரை 85, ஐந்து லட்சம் வரை 80, அதற்கு மேல் 75 என்று மாறிவிட்டது. நடிகர் வாயில் எண்ணை வைத்தால் விதி மாறும்போது மறுபடி படம் எடுக்க வேண்டும். அதைப் பயிற்சியாளர் கையில் இருக்கும் தாளில் போடுங்கள். எடை மட்டும் காட்சியில் இருக்கட்டும், அது பழசாகாது.

படப்பிடிப்பை இரண்டாம் சனிக்கிழமை விடுமுறையில், காலியான கிளையில் வைத்தோம். கவரிங் ஆரம் 48 கிராம் காட்டவில்லை. அதன் கீழே செப்புக் கம்பியைச் சுருட்டி மறைத்து வைத்துச் சரிக்கட்டினோம்.

முடிவைத்தான் நான் அதிக முறை மாற்றினேன். முதலில் அந்த அம்மா "ரொம்ப நன்றிங்க" என்று சொல்லிவிட்டுப் போவதாக எழுதியிருந்தேன். கேட்டது கிடைக்காமல் போகிறவர் எதற்கு நன்றி சொல்வார்? இப்போது இருக்கும் முடிவில் அவர் சான்றிதழை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, மகனுக்குப் போன் போடுகிறார்: "கண்ணு, வண்டிக்காரருகிட்டச் சொல்லு, பாதி இன்னைக்கு, மீதி வெள்ளிக்கெழமைன்னு." போனைக் காதிலிருந்து எடுக்காமலே விரலில் கிடக்கும் மோதிரத்தைத் திருகிப் பார்க்கிறார். ஊழியர் ஒன்றும் சொல்வதில்லை. அங்கே வெட்டிவிட்டோம்.