இரண்டாவது சென்டிமீட்டர் ஏன் இழுக்கிறது?

ஐயா,

வெயில் சாய்ந்த பிறகும் கொப்பரை உலர்த்தியில் சூடு நிற்க வேண்டும் என்று, 60 டிகிரியில் உருகும் பாரஃபின் மெழுகை 2 சென்டிமீட்டர் ஆழத் தட்டில் ஊற்றிச் சோதித்தேன். அடியிலும் பக்கங்களிலும் கிளாஸ் வூல். மேலே 80 டிகிரிக் காற்று. மெழுகு முழுக்க 60 டிகிரியை நெருங்கிய பிறகே நேரம் எடுத்தேன். கம்பி விட்டு ஆழம் பார்த்ததில், முதல் சென்டிமீட்டர் 1 மணி 40 நிமிடத்தில் உருகியது. அடுத்த சென்டிமீட்டருக்குக் கிட்டத்தட்ட 2 மணி 45 நிமிடம். மெழுகில் கலப்படம் இருக்குமோ?

ஒரு வாசகர், பொள்ளாச்சி

அன்புள்ள நண்பருக்கு,

மெழுகு நல்ல மெழுகுதான். உங்கள் எண்களே அதற்குச் சாட்சி.

உருகத் தொடங்கும் நொடியில் சூட்டுக்கு இருப்பது ஒரே தடை, காற்றிலிருந்து மெழுகின் மேற்பரப்புக்கு இறங்குவது. ஆனால் உருகிய மெழுகு எங்கும் போய்விடுவதில்லை, அங்கேயே தேங்குகிறது. அடுத்து உருக வேண்டிய திட மெழுகு அதற்கு அடியில் கிடக்கிறது. இனி வரும் சூடெல்லாம் இந்தத் திரவத்தைக் கடந்துதான் கீழே போக வேண்டும். பாரஃபினோ சூட்டைக் கடத்துவதில் படு மந்தம். ஆக, உருகியது எவ்வளவோ அவ்வளவு போர்வையை மெழுகு தன் மேல் தானே போர்த்திக்கொள்கிறது.

உங்கள் தட்டையே கணக்குப் போடலாம். ஒரு கன மீட்டர் மெழுகின் நிறை சுமார் 800 கிலோ, உள்ளுறை வெப்பம் கிலோவுக்கு 200 கிலோஜூல், கடத்துதிறன் 0.2 என்று வையுங்கள். மிதமாக வீசும் காற்று மேற்பரப்புக்குச் சூடு தருவதைக் காட்டும் எண் h, ஒவ்வொரு டிகிரி இடைவெளிக்கும் சதுர மீட்டருக்கு சுமார் 20 வாட். தொடக்கத்தில் சதுர மீட்டருக்கு 400 வாட் உள்ளே போகிறது. 1 சென்டிமீட்டர் திரவம் சேர்ந்ததும் அதன் தடை காற்றின் தடைக்குச் சமமாகிவிடுகிறது. வாட் பாதியாகி 200-க்கு இறங்குகிறது. தட்டின் அடியைத் தொடும்போது மிஞ்சுவது 133 வாட். இந்த இரண்டு தடைகளையும் கூட்டி, உருகிய ஆழம் s-க்கு ஆகும் நேரத்தைக் கண்டால் வருவது இது:

t = (ρL/ΔT) · (s/h + s²/2k)

ρ அடர்த்தி, L உள்ளுறை வெப்பம், k கடத்துதிறன், ΔT காற்றுக்கும் உருகுநிலைக்கும் உள்ள 20 டிகிரி இடைவெளி. s 1 சென்டிமீட்டர் என்றால் 6,000 நொடி, அதாவது உங்கள் 1 மணி 40 நிமிடம். 2 சென்டிமீட்டருக்கு 16,000 நொடி. கழித்துப் பாருங்கள், இரண்டாம் பாதிக்கு 2 மணி 47 நிமிடம். கம்பி விட்டு ஆழம் பார்த்தே இவ்வளவு நெருங்கியிருக்கிறீர்கள் என்பது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி.

இதே வழியில் வியன்னாவின் ஜோசப் ஸ்டெஃபான் 1891-இல் துருவக் கடலின் பனிக்கட்டி தடிப்பதை விளக்கினார். அங்கே உறைந்த பனியே போர்வை.

அடுத்து எல்லோருக்கும் தோன்றுவது ஃபேனைக் கூட்டுவது. அதில் கிடைப்பது குறைவு. h-ஐ இரட்டிப்பாக்கி 40 ஆக்கினாலும் 4 மணி 27 நிமிடம் 3 மணி 20 நிமிடமாகத்தான் குறையும். திரவத்தின் தடையை ஃபேன் தொடவே தொடாது. அதே மெழுகை 1 சென்டிமீட்டர் ஆழத்தில் இரண்டு தட்டுகளாகப் பிரித்து, இரண்டின் மேலும் இதே வேகத்தில் காற்றை விடுங்கள். மொத்தமும் 1 மணி 40 நிமிடத்தில் உருகிவிடும். நான் இதைத்தான் செய்யச் சொல்வேன்.

கணக்குக்கு இரண்டு எல்லைகள் உண்டு. 30 டிகிரி மெழுகிலிருந்து நேரம் எடுத்திருந்தால், உருகுநிலைக்கு வரவே கிலோவுக்கு 60 கிலோஜூல் போயிருக்கும்; சூத்திரம் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. மற்றொன்று, நீங்கள் மேலிருந்து சூடேற்றியதால் லேசான சுடுதிரவம் மேலேயே அசையாமல் நின்றது. அடியிலிருந்து சூடேற்றினால் திரவம் மேலெழும்பிச் சுழன்று சூட்டைத் தானே தூக்கிச் செல்லும், மெழுகு இதைவிட வேகமாக உருகும். எது நடக்கிறது என்று அறிய, அரை சென்டிமீட்டருக்கு ஒருமுறை நேரம் குறித்து, t/s-ஐ s-க்கு எதிராக வரையுங்கள். நேர்கோடு வந்தால் கடத்தல் மட்டும்தான். கோடு போகப்போகக் கீழே வளைந்தால் திரவம் சுழல்கிறது.

இரவில் உங்களுக்கு வேலை தரப்போவது உறைதல். அப்போது மேற்பரப்பில் திட மெழுகு ஏடு படியும். திடம் சுழலாது, ஆகவே போர்வைக் கணக்கு அங்கே இன்னும் கறாராகப் பொருந்தும். இந்த 2 சென்டிமீட்டர் தட்டு, காற்றின் சூடும் வேகமும் மாறாமல் இருந்தாலும், கடைசியில் தொடக்கத்தில் தந்த வாட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத்தான் தரும். கொப்பரையின் ஈரம் அதிகமாக இருக்கும் முதல் இரவுக்கு அது போதுமா என்பதை, தட்டை மாற்றும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.